அடைப்புக்குறிக்குள் ஒளிந்த நான்காயிரம் ரூபாய்

ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு இரண்டு கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் இரண்டு கிளைகளின் விற்பனைப் பட்டியலையும் தலைமைக் கடைக் கணக்கர் ஒரே எக்ஸெல் தாளில் ஒட்டுகிறார். முதல் கிளையின் மென்பொருள், திரும்பி வந்த சரக்கின் தொகையை அடைப்புக்குறிக்குள் போட்டு (1,250.00) என்று காட்டும். இரண்டாம் கிளையில் இருப்பது பழைய மென்பொருள். அது கழித்தல் குறியை எண்ணின் வாலில் ஒட்டி 2,300.50- என்று எழுதும். தாளில் இப்போது ஆறு வரிகள் இருக்கின்றன: 12,500.00, (1,250.00), 8,400.00, 2,300.50-, 15,000.00, 750.00-.

கணக்கர் கீழே SUM போடுகிறார். 35,900 என்று வருகிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை, சிவப்பு எழுத்தும் இல்லை. ஆனால் உண்மையான நிகர விற்பனை 31,599.50 ரூபாய்தான். திரும்பி வந்த சரக்கின் 4,300.50 ரூபாய் கூட்டலில் சேரவே இல்லை.

காரணம் எளியது. மனிதக் கண்ணுக்கு அந்த மூன்று வரிகளும் எண்கள். கணினிக்கு அவை வெறும் எழுத்துகள். SUM தன் வரம்புக்குள் எழுத்தைக் கண்டால் பேசாமல் தாண்டிப் போய்விடும்.

இந்த இரண்டு எழுத்து முறைகளுமே காகிதக் காலத்திலிருந்து வந்தவை. எண்ணுக்கு முன்னால் போடும் சிறு கோடு மங்கலான அச்சில் எளிதில் மறைந்துபோகும். இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் அடைப்புக்குறி மறையாது. அதனால்தான் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் நட்டம் இன்றும் அடைப்புக்குறிக்குள் அச்சாகிறது. வாலில் போடும் மைனஸ் கூட்டல் இயந்திரங்களின் காகிதச் சுருளில் இருந்த பழக்கம். இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கும், குறி மட்டும் ஓரத்தில் தனியாக நிற்கும். கோபால் மொழியில் எழுதிய நிரல்களும் சாப் போன்ற பெரிய மென்பொருள்களின் அறிக்கைகளும் அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எக்ஸெல் தாளில் அடைப்புக்குறி தெரிந்தாலே தவறு என்று அர்த்தமில்லை. செல்லுக்குள் -1250 என்ற உண்மையான எண் இருந்து, அதை அடைப்புக்குறியோடு காட்டும்படி வடிவம் மட்டும் அமைத்திருக்கலாம். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, செல்லைச் சொடுக்கி மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பார்த்தால் போதும். அங்கே -1250 என்று இருந்தால் அது எண். அங்கேயும் (1,250.00) என்றே இருந்தால் அது எழுத்து. முழுப் பத்தியையும் ஒரே நேரத்தில் சோதிக்க COUNT, COUNTA என்ற இரண்டு ஃபார்முலாக்களைப் போடலாம். முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது காலியாக இல்லாத எல்லாச் செல்களையும் எண்ணும். நம் கடைத் தாளில் முன்னது 3 என்றும் பின்னது 6 என்றும் காட்டும். எழுத்தாக நிற்பவை மூன்று வரிகள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

விசைப்பலகையில் (1250) என்று தட்டினால் எக்ஸெல் தானே அதை -1250 ஆக மாற்றிக்கொள்ளும். அப்படியிருக்க, ஒட்டிய தொகை ஏன் மாறவில்லை? பெரும்பாலும் இணையப் பக்கத்திலிருந்தோ மென்பொருள் திரையிலிருந்தோ கூடவே வந்த கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிதான் காரணம். அது சாதாரண இடைவெளி அல்ல, 160 என்ற எண் கொண்ட தனி எழுத்து. TRIM அதைத் தொடாது. இதைப்போலவே பார்வைக்கு மைனஸ் மாதிரியே இருக்கும் 8722 என்ற வேறொரு குறியும் உண்டு.

வாலில் மைனஸ் மட்டுமே சிக்கல் என்றால் ஃபார்முலாவே தேவையில்லை. பத்தியைத் தேர்ந்தெடுத்து Data பட்டியில் Text to Columns திறந்து, மூன்றாம் படியில் Advanced அழுத்தினால் Trailing minus for negative numbers என்ற பெட்டி இருக்கும். அதில் டிக் இருக்கிறதா என்று பார்த்து முடித்துவிடலாம். இரண்டு வகையும் கலந்து, மறைந்த இடைவெளியும் சேர்ந்திருந்தால் இரண்டு படிகளில் செய்வது நல்லது. தொகைகள் A பத்தியில் இருந்தால், முதலில் B பத்தியில் அழுக்கை நீக்க வேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(A2,UNICHAR(160)," "),UNICHAR(8722),"-"))
```

பிறகு C பத்தியில் குறியைத் தீர்மானித்து எண்ணாக்க வேண்டும்:

```
=IF(OR(LEFT(B2)="(",LEFT(B2)="-",RIGHT(B2)="-"),-1,1)
 *SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(B2,"(",""),")",""),"-",""),",","")
```

முதல் பகுதி, தொகை கழித்தலா கூட்டலா என்று பார்த்து -1 அல்லது 1 தருகிறது. இரண்டாம் பகுதி அடைப்புக்குறி, மைனஸ், காற்புள்ளி எல்லாவற்றையும் களைந்து வெறும் இலக்கங்களை விடுகிறது. இரண்டையும் பெருக்கும்போது எழுத்து எண்ணாகிறது. இந்த வரிசை முக்கியம். குறியைப் படித்த பிறகுதான் அதை அழிக்க வேண்டும்.

அவசரத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். Find and Replace வைத்து அடைப்புக்குறியையும் மைனஸையும் மறைந்த இடைவெளியையும் ஒரேயடியாக நீக்கிவிட்டால் எல்லா வரிகளும் எண்ணாகிவிடும், COUNT சோதனையிலும் தேறிவிடும். ஆனால் கழிய வேண்டிய 4,300.50 கூடிவிடும், மொத்தம் 40,200.50 என்று நிற்கும். சரியான தொகைக்கும் இதற்கும் வித்தியாசம் 8,601. விட்டுப்போன தொகையைப் போல் இரண்டு மடங்கு!

பேரேட்டில் எழுதிப் பழகிய கணக்கர்களுக்கு இந்த இரட்டிப்பு புதிதல்ல. பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிவிட்டால் இருப்பாய்வில் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும் என்பதால், வித்தியாசத்தை இரண்டால் வகுத்து அந்தத் தொகையைத் தேடுவார்கள். இங்கும் அதே வழி உதவுகிறது. மென்பொருள் அறிக்கையின் அடியில் அச்சாகும் மொத்தத்தோடு எக்ஸெல் மொத்தத்தை ஒப்பிட வேண்டும். வித்தியாசம் கழித்தல் தொகைகளின் கூட்டுக்குச் சமம் என்றால் அவை எழுத்தாக நின்று விட்டுப்போயிருக்கின்றன. அதைப்போல் இரண்டு மடங்கு என்றால் குறி தொலைந்திருக்கிறது.

மேலே சொன்ன ஃபார்முலாவுக்கும் எல்லை உண்டு. ஜெர்மானிய முறையில் 1.250,00- என்று வரும் தொகையில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. அதை நீக்கினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது வெறும் ஒன்றேகால் ஆகிவிடும், பிழை என்று எதுவும் காட்டாது. சுழியத்தை வெறும் கோடாக அச்சிடும் அறிக்கைகளும் உண்டு. அந்தக் கோட்டை நீக்கினால் மிச்சம் எதுவும் இருக்காது, #VALUE! வரும். இது நல்லதுதான், கண்ணில் படும் பிழையைத் திருத்திவிடலாம்.

அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் கழித்தல் தொகை என்றும் எண்ணிவிடக் கூடாது. முகவரிப் பட்டியலில் சென்னையின் தொலைபேசிக் குறியீட்டை (044) என்று ஒரு செல்லில் தட்டினால் எக்ஸெல் அதை -44 ஆக்கிவிடும். அதனால் மாற்றத்தைத் தொகைப் பத்தியில் மட்டும் செய்து, A பத்தியில் உள்ள மூலத்தை அழிக்காமல் அருகிலேயே வைத்திருந்தால், எந்த வரி எப்படி மாறியது என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடைப்புக்குறி பார்த்தே பழகிய முதலாளிக்கு அறிக்கை தர வேண்டுமென்றால், C பத்திக்கு இந்த வடிவத்தைக் கொடுத்தால் போதும்:

```
#,##0.00;(#,##0.00)
```

திரையில் (1,250.00) என்று தெரியும். ஃபார்முலா பட்டையில் வெறும் எண்ணை ஒட்டிப் பார்த்தால் -1250 என்றே இருக்கும். C பத்தியின் மொத்தமும் 31,599.50 என்று சரியாக நிற்கும்.