நூறு ரூபாய் லீட்டும் நானூறு ரூபாய் லீட்டும்

"சார், வணக்கம். மாடியில சோலார் போடுறது பத்தி விசாரிச்சிருந்தீங்க..."

"நானா? இல்லியேம்மா."

"ஃபேஸ்புக்ல உங்க பேர்ல ஃபார்ம் வந்திருக்கு சார்."

"பேரன் ஏதாச்சும் அழுத்தியிருப்பான். நாங்க வாடகை வீட்டுல இருக்கோம்மா."

மொட்டைமாடி சோலார் பொருத்தும் நிறுவனங்களில் போன் பேசும் பெண்களுக்கு இப்படியான உரையாடல்கள் அன்றாடப் பாடு. பேசி முடித்ததும் எக்செல் தாளின் குறிப்புக் கட்டத்தில் 'வாடகை' என்று தட்டிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார்கள். அதே பெரியவர், மாதக் கடைசியில் விளம்பர ஏஜென்சி அனுப்பும் அறிக்கையில் ஒரு லீட்டாக எண்ணப்பட்டிருப்பார்.

விளம்பரத்தைப் பார்த்து, பெயரையும் போன் எண்ணையும் விட்டுச் செல்பவரைத்தான் அந்தத் தொழிலில் லீட் என்கிறார்கள். விளம்பரச் செலவை லீட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு லீட்டின் விலை கிடைக்கும். இந்த விலை குறையக் குறைய விளம்பரம் நன்றாக ஓடுகிறது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் வகுக்கும் எண்ணில் யார் யாரெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

சோலாரில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில், வீட்டு மாடியில் 3 கிலோவாட் பொருத்தினால் 78,000 ரூபாய் மானியம். விளம்பரங்களில் இந்தத் தொகையே பெரிய எழுத்தில் வரும். பார்ப்பவர் தொடுகிறார். ஃபேஸ்புக்கின் உடனடிப் படிவம் அவருடைய பெயரையும் எண்ணையும் கணக்கிலிருந்து தானே எடுத்து நிரப்பிவிடுகிறது. இன்னும் ஓரிரு தொடுதல், லீட் தயார். தட்டச்சே தேவையில்லாததால், என்ன கேட்டோம் என்பது மறுநாள் பலருக்கு நினைவிருப்பதில்லை. கணக்கில் பழைய எண் இருந்தால் அழைப்பும் யாருக்கோ போகிறது.

சோலார் வாங்கக்கூடியவர் யார் என்பதோ மிகத் துல்லியமான கேள்வி. வீடு சொந்தமாக இருக்க வேண்டும். மாடி அவர் வசம் இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். மின்கட்டணமும் ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்று 2016-இல் ஆன தமிழ்நாட்டில், கொஞ்சமாக மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்குப் பலகை போட்ட காசு திரும்ப வர மிக நீண்ட காலமாகும். இத்தனையும் பொருந்தி வருபவரே தகுதியுள்ள லீட். செலவை இவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்தால் கிடைப்பது தகுதியுள்ள லீட்டின் விலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு நிறுவனம் இரண்டு விளம்பரங்களுக்குத் தலா 60,000 ரூபாய் செலவிடுகிறது. முதல் விளம்பரத்தில் மானியத் தொகையும் பெயர், எண் கேட்கும் படிவமும் மட்டும். 600 லீட்கள் வருகின்றன. ஒன்று 100 ரூபாய். இரண்டாவதில் சொந்த வீடா, தனி மாடியா, கடைசி மின்கட்டணம் எவ்வளவு என்று மூன்று கேள்விகள். பலர் பாதியிலேயே விலகிவிட, 150 லீட்கள்தான் தேறுகின்றன. ஒன்று 400 ரூபாய். அறிக்கையை இந்த இடத்தில் மூடிவிட்டால், இரண்டாவது விளம்பரத்தை நிறுத்திவிடத்தான் எவருக்கும் தோன்றும்.

போன் போட ஆரம்பித்ததும் படம் மாறுகிறது. முதல் பட்டியலின் 600 பேரில் 210 பேர் எடுக்கவே இல்லை, அல்லது தவறான எண். 140 பேர் வாடகைக்கு இருப்பவர்கள். 110 பேர் அடுக்குமாடிவாசிகள். 90 பேருக்கு மின்கட்டணம் மிகக் குறைவு, அல்லது எல்லாமே இலவசம் என்று நினைத்துக் கேட்டவர்கள். 20 பேர் நிறுவனத்தின் வண்டி போகாத ஊர்க்காரர்கள். மிஞ்சுவது 30. தகுதியுள்ள ஒரு லீட்டுக்கு 2,000 ரூபாய் ஆகிவிட்டது. இரண்டாவது பட்டியலின் 150 பேரில் 60 பேர் தேறினால், அங்கே விலை 1,000 ரூபாய். நான்கு மடங்கு விலை அதிகம் என்று தெரிந்த விளம்பரம், உண்மையில் பாதி விலைக்கு வேலை செய்திருக்கிறது.

அறிக்கையில் வராத செலவு இன்னொன்று உண்டு: நேரம். திரும்பத் திரும்ப அழைப்பதையும் சேர்த்து ஒரு லீட்டுக்குச் சராசரியாக 6 நிமிடம் என்றால், 600 பேருக்கு 60 மணி நேரம். 150 பேருக்கு 15 மணி நேரம் போதும். அந்த நீண்ட பட்டியலில் 480-ஆவது ஆளாக நிற்பவர் ஒருவேளை உண்மையிலேயே வாங்கத் துடிப்பவராக இருக்கலாம். அவருக்கு அழைப்பு போவதற்குள் வேறொரு நிறுவனத்தின் ஆள் வந்து மாடியை அளந்துவிட்டுப் போயிருப்பார்.

மலிவான லீட்கள் மேலும் மேலும் வருவதற்கும் காரணம் இருக்கிறது. விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணினி அமைப்புக்கு 'லீட் வேண்டும்' என்று சொன்னால், எந்தப் படிவத்தையும் சட்டென்று நிரப்பும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடிக்கிறது. அது கேட்டதைத்தான் கொடுக்கிறது. போன் பேசும் பெண் 'வாடகை' என்று எழுதியது அதற்கு எட்டுவதில்லை. எந்த லீட் தேறியது, எது தேறவில்லை என்ற விவரத்தைத் திருப்பி அனுப்பும் வசதி ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவிலும் கூகுளிலும் இருக்கிறது. ஆனால் அமைப்பு கற்றுக்கொள்ளப் போதிய எண்ணிக்கை வேண்டும். மாதம் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே தேறும் சிறு நிறுவனத்துக்கு, படிவத்தில் நல்ல கேள்விகளைச் சேர்ப்பதுதான் கைக்கு எட்டிய வழி.

இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை விருப்பக்குறிகள் விழுந்தன, இத்தனை லீட் வந்தது என்பவை ஏறிக்கொண்டே போகும் எண்கள். பார்க்க மகிழ்ச்சி தருபவை. விற்பனையோடு சேர்த்துப் பார்க்காதவரை இவை பகட்டு எண்கள் மட்டுமே. பெரிய இடங்களிலும் இந்த வகுத்தல் தவறியிருக்கிறது. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் வீடியோக்களின் சராசரிப் பார்வை நேரத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டது. மொத்த நேரத்தை எல்லாப் பார்வைகளாலும் வகுக்காமல், 3 விநாடிக்கு மேல் நீடித்த பார்வைகளால் மட்டும் வகுத்திருந்தார்கள். சில விநாடியில் தள்ளிவிட்டுப் போனவர்கள் வகுக்கும் எண்ணில் இல்லாததால் சராசரி ஊதிவிட்டது. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கு 2019-இல் 4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. சோலார் கணக்கில் நடப்பது இதன் மறுபக்கம்: சேரக்கூடாதவர்கள் வகுக்கும் எண்ணில் சேர்ந்து விலையைக் குறைத்துக் காட்டுகிறார்கள்.

தகுதியுள்ள லீட் என்ற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மாதம் 50 தகுதியுள்ள லீட் காட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தால், 'யோசிச்சுச் சொல்றேன்' என்றவர்களெல்லாம் தகுதியாகிவிடுவார்கள். எனவே, அளவுகோல் இன்னொருவர் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். மின்கட்டண ரசீதின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியவர், மாடியை அளக்க நாள் கொடுத்தவர் என்று வைத்தால் ஏமாற்றுவது கடினம். தகுதி என்று குறித்தவர்களில் எத்தனை பேர் கடைசியில் முன்பணம் கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு விளம்பரத்தில் 60 பேர் 'தகுதி' ஆகியும் இரண்டு பேர்கூட வாங்கவில்லையென்றால், வடிகட்டியில் ஓட்டை இருக்கிறது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஜனவரியில் விசாரித்தவர் மார்ச்சில் முன்பணம் கட்டலாம். அதை மார்ச் மாத விளம்பரத்தின் வெற்றியாக எழுதினால் இரு மாதக் கணக்கும் பிசகிவிடும். லீட் வந்த மாதத்தின் கீழேயே ஆர்டரையும் எழுதிவந்தால் போதும். அந்தப் பெரியவரின் பெயருக்கு நேரே 'வாடகை' என்று எழுதப்பட்ட தாளிலேயே இதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம்.