பதினெட்டாயிரம் எங்கே போனது?

வணிகவியல் மாணவி ஒருத்தி பணப்புழக்க அறிக்கை தயாரித்தாள். நிகர லாபத்தில் தொடங்கி, தேய்மானம் 60,000 ரூபாயைக் கூட்டினாள். தேய்மானம் லாபத்தைக் குறைக்கிறது. ஆனால் அதற்காகக் கையிலிருந்து காசு எதுவும் போவதில்லை. அதனால்தான் அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். கடைசியில் அவளுக்குக் கிடைத்த ரொக்க இருப்பு 2,22,000. இருப்புநிலைக் குறிப்பில் இருந்ததோ 2,40,000. சரியாக 18,000 குறைவு.

அந்தத் தொகை லாப நட்டக் கணக்கில் எங்கும் தனியாகத் தெரியவில்லை. எனவே அவள் இயந்திரக் கணக்கைத் திறந்தாள். நல்ல முடிவு அது. தொடக்க மதிப்பு 3,00,000. புதிதாக வாங்கியது 1,00,000. தேய்மானம் போக 3,40,000 இருக்க வேண்டும். இருந்தது 2,90,000தான். அப்படியானால் 50,000 மதிப்புள்ள இயந்திரம் விற்கப்பட்டிருக்கிறது. விற்ற பணம் 32,000; அதை முதலீட்டு நடவடிக்கைகளில் முன்பே வரவாகக் காட்டியிருந்தாள். மீதி 18,000 விற்பனை நட்டம். அது ‘இதர செலவுகள்’ என்ற தலைப்புக்குள் மற்றவற்றோடு கலந்து கிடந்தது.

இந்த நட்டமும் தேய்மானம் போன்றதே. லாபத்தைக் குறைத்தது, ரொக்கத்தைத் தொடவில்லை. நிகர லாபத்தோடு அதையும் கூட்டியதும் இருப்பு 2,40,000க்கு வந்தது. அதே இயந்திரம் லாபத்துக்கு விற்றிருந்தால், அந்த லாபத்தைக் கழிக்க வேண்டியிருக்கும்.