தமிழ்த் தலைப்பு, ஆங்கில எண்: ஒரு பில்லைக் கணினி எப்படிப் படிக்கிறது?

மளிகைக் கடைக்கு வரும் கொள்முதல் பில்களைப் பெரும்பாலும் இரண்டு கட்டாகப் பிரித்துவிடலாம். பெரிய கம்பெனிகளின் பில் ஒரு வகை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் வியாபாரிகளுக்கு விற்கும்போது, 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்-விலைப்பட்டியல் எடுத்தாக வேண்டும். அந்தப் பில்லில் ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். அதை ஸ்கேன் செய்தாலே விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண்களும், பில் எண்ணும், தேதியும், மொத்தத் தொகையும் பிழையில்லாமல் கிடைத்துவிடும்.

இரண்டாவது வகை, எண்ணெய்ச் செக்கிலிருந்தும் பருப்பு மண்டியிலிருந்தும் வருவது. தலைப்புகள் தமிழில், எண்கள் ஆங்கிலத்தில். கியூஆர் கிடையாது. கணக்கு எழுதுபவர் ஒவ்வொரு பில்லையும் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். இந்த வேலையைக் கணினியிடம் கொடுக்க முடியுமா? முடியும். ஆனால் எழுத்தைப் படிப்பதோடு வேலை முடிவதில்லை. எந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்று முடிவு செய்வதுதான் கடினமான பாதி. அங்கே தலைப்பை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பில்லின் கூட்டலும் பெருக்கலும் ஒத்துவருகிறதா என்று பார்த்தே பெயர் சூட்ட வேண்டும்.

ஒரு மாதிரி பில்லை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் மண்டி ஒன்றிலிருந்து ஒரு மளிகைக் கடைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் எண் SR/0418/25-26. நாள் 04-05-25.

| வ.எண் | பொருள் | எச்எஸ்என் | எண்ணிக்கை | அளவு | விலை | தொகை |
|---|---|---|---|---|---|---|
| 1 | நல்லெண்ணெய் 15 கிலோ டின் | 1515 | 15 | 225 | 310.00 | 69,750.00 |
| 2 | கடலை எண்ணெய் 15 கிலோ டின் | 1508 | 20 | 300 | 182.75 | 54,825.00 |

அதற்குக் கீழே: மொத்தம் 1,24,575.00. மத்திய வரி 2.5% 3,114.38. மாநில வரி 2.5% 3,114.38. ரவுண்ட் ஆஃப் 0.24. மொத்தத் தொகை 1,30,804.00. முன்பாக்கி 18,400.00. ஆக மொத்தம் 1,49,204.00. எழுத்தில்: ரூபாய் ஒரு லட்சத்து முப்பதாயிரத்து எண்ணூற்று நான்கு மட்டும்.

எந்தப் பெயருக்கு மாற்றுவது?

ஒரு கடை 'விலை' என்று அச்சிடும், இன்னொன்று 'விகிதம்' என்று போடும், மூன்றாவது 'ரேட்' என்றே எழுதும். கணக்கு மென்பொருளுக்கு இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வேண்டும். அதற்கு நாமாகப் பெயர் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அரசின் மின்-விலைப்பட்டியல் படிவத்திலேயே பெயர்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பில் எண்ணுக்கு `No`, தேதிக்கு `Dt`, அளவுக்கு `Qty`, ஓர் அலகின் விலைக்கு `UnitPrice`, வரி கணக்கிடப்படும் தொகைக்கு `AssAmt`, பில்லின் இறுதி மதிப்புக்கு `TotInvVal`. நம் பில்லின் முதல் பொருள் சரியாகப் படிக்கப்பட்டால் இப்படி அமைய வேண்டும்:

```json
{
  "PrdDesc": "நல்லெண்ணெய் 15 கிலோ டின்",
  "HsnCd": "1515",
  "Qty": 225,
  "Unit": "KGS",
  "UnitPrice": 310.00,
  "AssAmt": 69750.00,
  "GstRt": 5
}
```

பில்லில் 2.5% என்று இருக்க, இங்கே 5 என்று வந்திருப்பதைக் கவனியுங்கள். `GstRt` என்பது மத்திய, மாநில வரி இரண்டும் சேர்ந்த விகிதம். அச்சில் இருப்பதை அப்படியே தூக்கி வைத்தால் வரி பாதியாகிவிடும்.

எழுத்தைப் படித்தல்

தாளை நேராக வைத்துத் தெளிவாக ஸ்கேன் செய்தபின், டெசராக்ட் போன்ற இலவச எழுத்துணரி ஒன்றைப் பயன்படுத்தலாம்:

```
tesseract bill.png bill -l tam+eng --psm 6 tsv
```

கடைசியில் உள்ள `tsv` முக்கியமானது. அது சொற்களோடு, ஒவ்வொரு சொல்லும் தாளில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் தரும். 'அளவு' என்ற தலைப்புக்கு நேர்கீழே எந்த எண்கள் வருகின்றன என்பதை இந்த இடக்கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். எண்கள் உள்ள பத்திகளை மட்டும் தனியே வெட்டி, ஆங்கிலத்தில் மட்டும் இன்னொரு முறை படிக்கச் செய்வது நல்லது. தமிழ் எழுத்துகளும் போட்டியில் இல்லாதபோது எண்ணை எழுத்தாகப் பிறழ உணர்வது குறையும்.

தமிழ்த் தலைப்புகளில் இரண்டு சிக்கல்கள் அடிக்கடி வரும். ஒன்று, புள்ளி உதிர்வது. 'எண்' என்பது 'எண' என்று வரும்; 'நாள்' என்பது 'நாள' ஆகும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'தொகை' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். எனவே ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் `NFC` என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எண்ணிக்கையா, அளவா?

இப்போது முதல் கேள்வி. 'எண்ணிக்கை', 'அளவு' இரண்டுமே `Qty` ஆகத் தகுதியுள்ள தலைப்புகள்தாம். சோப்புக் கட்டி விற்கும் கடையின் பில்லில் எண்ணிக்கைதான் சரியாக இருக்கும். 'அளவு' என்ற பத்தியில் 100 கிராம், 200 கிராம் என்று பாக்கெட்டின் அளவு இருக்கலாம். தலைப்பை மட்டும் வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது.

பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். 15 × 310 = 4,650; இது தொகைப் பத்தியில் இல்லை. 225 × 310 = 69,750; இது இருக்கிறது. இரண்டாம் வரியிலும் 300 × 182.75 = 54,825 என்று பொருந்துகிறது. ஆகவே இந்த மண்டியின் பில்லில் `Qty` என்பது 'அளவு' பத்தி. டின் ஒன்றுக்கு 15 கிலோ என்பதால் அலகு `KGS`.

இதே பெருக்கல் அச்சுப் பிழையையும் காட்டிக்கொடுக்கும். டாட் மேட்ரிக்ஸ் அச்சில் ரிப்பன் மங்கியிருந்தால் 182.75 என்பது 132.75 என்று படிக்கப்படலாம். புள்ளி விழாமல் 18275 என்றும் வரலாம். எதுவானாலும் 54,825 கிடைக்காது. அந்த வரியை உடனே நிறுத்தி வைக்கலாம்.

ஆனால் பெருக்கலுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. 225 × 310, 310 × 225 இரண்டும் ஒன்றே. பத்தி மாறி, விலையை அளவாகவும் அளவை விலையாகவும் எடுத்துக்கொண்டாலும் விடை சரியாகவே வரும். அங்கே தலைப்பின் சாட்சியம் தேவைப்படுகிறது; 15 டின் × 15 கிலோ = 225 என்ற இன்னொரு கணக்கும் கைகொடுக்கிறது.

எது பில்லின் மொத்தம்?

நம் பில்லில் 'மொத்தம்' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதலில் வருவதை எடுத்தால் வரி விடுபடும். எல்லாவற்றிலும் பெரிய எண்ணை எடுத்தால் முன்பாக்கியும் சேர்ந்துவிடும். பழைய பில்லில் ஏற்கெனவே கணக்கு வைத்த 18,400 ரூபாய் மறுபடியும் கொள்முதலாகப் பதிவாகும். மண்டி பில்களைப் படிக்கும்போது நேரும் மிகப் பெரிய பிழை இதுதான். ஏனென்றால் எண் பெரியது, கீழே தடித்த எழுத்தில் இருக்கும், பார்த்தவுடன் சரி போலவே தோன்றும்.

கூட்டிப் பார்ப்போம். இரண்டு பொருள்களின் தொகையும் சேர்ந்து 1,24,575. இது மேலே உள்ள 'மொத்தம்', பெயர் `AssVal`. இதில் 2.5% என்பது 3,114.375, காசுக்கு முழுமையாக்கினால் 3,114.38. இரண்டு வரியையும் சேர்த்தால் 1,30,803.76, ரவுண்ட் ஆஃப் 0.24 சேர்த்தால் 1,30,804. ஆக `TotInvVal` நடுவில் உள்ள 'மொத்தத் தொகை'தான். சில மென்பொருள்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வரியை முழுமையாக்கிப் பிறகு கூட்டும். அதனால் ஓரிரு காசு வித்தியாசம் வந்தால் அதைப் பிழையாகக் கொள்ளக் கூடாது.

இங்கே தமிழ் பில் நமக்கு இன்னொரு சாட்சியையும் தருகிறது. தொகை எழுத்தில் இருக்கிறது. 'ஒரு லட்சத்து முப்பதாயிரத்து எண்ணூற்று நான்கு' என்பதை எண்ணாக மாற்றினால் அதே 1,30,804. எழுத்தும் எண்ணும் வெவ்வேறாக அச்சானவை. இரண்டும் ஒரே மாதிரி தவறாகப் படிக்கப்படுவது மிக அரிது. முன்பாக்கி சேர்ந்ததா இல்லையா என்ற சந்தேகத்தை இந்த ஒரு வரியே பெரும்பாலும் தீர்த்துவிடும்.

கணக்கு உதவாத இடங்கள்

பில் எண், தேதி, எச்எஸ்என், ஜிஎஸ்டி எண் ஆகியவற்றைக் கூட்டவோ பெருக்கவோ முடியாது. இவற்றில் ஜிஎஸ்டி எண்ணுக்கு மட்டும் தன்னுள்ளேயே பாதுகாப்பு உண்டு. 15 இடங்களில் முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த ஐந்து எழுத்துகள், பிறகு நான்கு இலக்கங்கள், பிறகு ஓர் எழுத்து. ஒன்பதாம் இடத்தில் O என்று படிக்கப்பட்டால் அது பூஜ்ஜியமாகத்தான் இருக்க வேண்டும். கடைசி இடம், முந்தைய 14 இடங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் சோதனைக் குறி. ஓரிடம் தவறானாலும் அது பொருந்தாமல் போகும்.

தேதிக்கு அப்படி எதுவும் இல்லை. 04-05-25 என்பது நமக்கு மே 4. மாதத்தை முதலில் வைக்கும் மென்பொருளுக்கு ஏப்ரல் 5. இரண்டும் ஒரே நிதியாண்டில் வருவதால் பில் எண்ணில் உள்ள 25-26 உதவாது. நாளே முதலில் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பில் எண்ணையும் எச்எஸ்என்னையும் எண்ணாகக் கருதாமல் எழுத்தாகவே சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் தேயிலையின் 0902 விரிதாளில் 902 ஆகிவிடும்.

இந்த மூன்றையும் கணினி எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், பில்லில் அந்த இடத்தின் படத்தையும் பக்கத்தில் காட்டி ஒருவர் கண்ணால் பார்த்த பிறகே பதிவு செய்வது நல்லது. அடுத்த மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் உருவாகும் `GSTR-2B` அறிக்கையில், விற்றவர் தாக்கல் செய்த பில் எண்ணும் தேதியும் மதிப்பும் வந்துவிடும். நாம் படித்ததை அதனோடு ஒப்பிடலாம். எச்எஸ்என் அதில் வராது. அதற்கு அதே மண்டியின் முந்தைய பில்களே துணை: நல்லெண்ணெய்க்கு இதுவரை 1515 என்றிருந்தது திடீரென்று 1516 ஆனால், பில்லை மறுபடி எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.