தோல் இருப்பு: நோட்டில் அன்று, ஷீட்டில் இன்று

வாலாஜாபேட்டையில் வீட்டிலேயே தோல் பர்ஸ் தைத்து விற்பவர்களுக்குத் தோல் வாங்க ராணிப்பேட்டை பக்கம்தான். பதப்படுத்திய தோலின் உட்புறத்தில் அதன் பரப்பு சதுர அடியில் குறித்திருக்கும். வந்த தோல்களின் எண்களைக் கூட்டினால் அதுவே வரவு.

முன்பு இதை நீள நோட்டில் எழுதினார்கள். பொருளுக்கு ஒரு பக்கம். தேதி, வரவு, செலவு, இருப்பு என்று நான்கு பத்தி. முந்தைய இருப்பில் வரவைக் கூட்டி, வெட்ட எடுத்ததைக் கழிக்க வேண்டும். ஒரு வரியில் கழித்தல் தப்பினால், அதற்குக் கீழே உள்ள இருப்பெல்லாம் தப்பு. ஆர்டர் கையில் இருக்கும்போது அலமாரி காலியான பிறகுதான் அது தெரியவரும்.

இன்று எல்லாப் பொருளையும் ‘பதிவு’ என்ற ஒரே ஷீட்டில் எழுதலாம். A தேதி, B பொருள், C வரவு, D செலவு, E இருப்பு. முதல் வரவாகக் கையிருப்பைப் போட்டுவிட்டு, E2-இல் இதை எழுதிக் கீழே இழுக்க வேண்டும்:

```
=SUMIFS(C$2:C2,B$2:B2,B2)-SUMIFS(D$2:D2,B$2:B2,B2)
```

`$` குறி தொடக்க வரியைப் பிடித்து நிறுத்துகிறது. முடிவு வரி மட்டும் கீழே நகர்கிறது. அதனால் ஒவ்வொரு வரியும் அந்தப் பொருளை மட்டும் மேலிருந்து புதிதாகக் கூட்டிக்கொள்ளும். பழைய வரவு ஒன்றைத் திருத்தினால் கீழே உள்ள இருப்பெல்லாம் தானாகச் சரியாகும். நோட்டு முறையிலேயே `=E2+C3-D3` என்று எழுதினால் பொருள்கள் கலந்துவிடும். நடுவில் ஒரு வரியை நீக்கினால் `#REF!` வரும்.

எப்போது வாங்குவது என்பதற்கு இன்னொரு ஷீட். A பொருள், B குறைந்தபட்ச அளவு, C இப்போதைய இருப்பு, D எச்சரிக்கை.

```
C2: =SUMIFS('பதிவு'!C:C,'பதிவு'!B:B,A2)-SUMIFS('பதிவு'!D:D,'பதிவு'!B:B,A2)
D2: =IF(C2<=B2,"வாங்கு","")
```

ஒரு நாளைக்கு 6 சதுர அடி வெட்டுகிறோம், சொன்ன தோல் வந்து சேர 5 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 30; தாமதமானால் சமாளிக்க இரண்டு நாளுக்கு 12; குறைந்தபட்சம் 42. கையில் 60 இருக்க, 40 வந்தால் 100. அதில் 24, பிறகு 36 எடுத்தால் மீதி 40. உடனே ‘வாங்கு’ தெரியும். அப்போது சொன்னால், இருக்கும் தோல் தீருமுன் புதியது வந்துவிடும்.

நோட்டில் இல்லாத ஒரு தப்பு ஷீட்டில் உண்டு. ‘கருப்புத் தோல்’, ‘கறுப்புத் தோல்’ இரண்டும் அதற்கு வேறு வேறு பொருள். கடைசியில் விழுந்த ஓர் இடைவெளியும் அப்படித்தான். இருப்பு மைனஸில் போனால் முதலில் பெயரைப் பாருங்கள். B பத்திக்கு ‘டேட்டா வேலிடேஷன்’ வழியாகப் பட்டியல் வைத்துவிட்டால், பெயரைத் தட்டாமல் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

வெட்டும்போது போகும் கழிவும் செலவில் சேர வேண்டும். அது விடுபட்டிருந்தால் எந்தச் சூத்திரமும் சொல்லாது. அதனால் மாதம் ஒருமுறை மீதித் தோலை அளந்து, வித்தியாசத்தைப் பழைய வரியில் மாற்றாமல், F பத்தியில் ‘கணக்கெடுப்பு’ என்று குறித்துத் தனி வரியாக எழுத வேண்டும்.