கால்குலேட்டர் சொல்வதெல்லாம் உண்மையா?

மதுரையைச் சுற்றிய ஊர்களில் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர் அது. அதன் கடினத்தன்மையை வேதியியல் ஆய்வகத்தில் அளந்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஈ.டி.டி.ஏ. உப்பை 3.72 கிராம் நிறுத்து, நீரில் கரைத்து ஒரு லிட்டர் கரைசலாக்குகிறோம். 20 மி.லி. போர் தண்ணீரைக் குடுவையில் எடுத்து, தாங்கல் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியும் சேர்த்தால் ஒயின் சிவப்பு நிறம் வரும். பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். சிவப்பு முழுவதும் மறைந்து நீலமானதும் நிறுத்திவிட வேண்டும்.

பியூரெட்டில் 0.1 மி.லி.க்கு ஒரு கோடு. கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் பார்த்தால் இரு கோடுகளுக்கு நடுவே பாதியையும் மதிப்பிடலாம். தொடக்கத்தில் 0.30, முடிவில் 13.75. கடைசிப் பூஜ்யத்தையும் எழுத வேண்டும். அந்த இடம் வரை பார்த்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி. செலவான கரைசல் 13.45 மி.லி.

கணக்குப் போட்டால் கால்குலேட்டர் லிட்டருக்கு 672.67127 மில்லிகிராம் என்று காட்டுகிறது. இதில் எத்தனை இலக்கங்களை எழுதலாம்?

வகுப்பில் கற்ற விதிப்படி, பெருக்கலிலும் வகுத்தலிலும் மிகக் குறைந்த முக்கிய எண்ணுருக்கள் கொண்ட அளவே விடையைத் தீர்மானிக்கும். 13.45இல் நான்கு, 3.72இல் மூன்று. ஆகவே விடை 673.

விதி சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் தராசுதான் குறையா? சோதித்துப் பார்ப்போம். நிறை உண்மையில் 3.715 முதல் 3.725 வரை எங்கும் இருக்கலாம். அதற்கேற்ப விடை 672இலிருந்து 674 வரை மாறும். பியூரெட் அளவோ 0.05 முன்பின் ஆகலாம். 13.40 என்றால் 670, 13.50 என்றால் 675! நான்கு இலக்கம் காட்டிய பியூரெட்தான் அதிகம் தடுமாறுகிறது. இன்னும் நுட்பமான தராசு வாங்கினாலும் இந்தத் தடுமாற்றம் போகாது.

வழி ஒன்று உண்டு. 20க்குப் பதில் 50 மி.லி. தண்ணீர் எடுங்கள். இப்போது சுமார் 33.6 மி.லி. கரைசல் செலவாகும். அதே 0.05 பிழை இப்போது மிகச் சிறிய பங்காகிவிடும். விடை ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான் முன்பின் ஆகும்.

இதனால் என்ன பயன்? குடிநீருக்கான இந்தியத் தரநிலைப்படி, வேறு நீர் கிடைக்காத இடத்தில் கடினத்தன்மை 600 வரை இருக்கலாம். 20 மி.லி. சோதனையில் 673 வந்தால், சில மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் அது எல்லையைத் தாண்டியது உறுதி. அதே சோதனையில் 602 வந்திருந்தால், தாண்டியது என்று சொல்ல முடியாது, 50 மி.லி. எடுத்து மறுபடி அளக்க வேண்டும்.