கையில் பணம் இருந்தும் கடன் வாங்குவானேன்?

2013-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி கடன் பத்திரங்களை விற்று 1,700 கோடி டாலர் திரட்டியது. வங்கி அல்லாத ஒரு கம்பெனி ஒரே தடவையில் அவ்வளவு பெரிய தொகைக்குப் பத்திரம் விற்றது அதுவரை இல்லை. இதில் விந்தை என்னவென்றால், அந்தச் சமயத்தில் அந்தக் கம்பெனியிடம் ரொக்கமாகவும் உடனே காசாக்கக்கூடிய முதலீடுகளாகவும் சுமார் 14,500 கோடி டாலர் இருந்தது! வாங்கிய கடனைக் கொண்டு அது புதிய தொழிற்சாலை கட்டவில்லை. பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுக்கவும், அவர்களுடைய பங்குகளையே விலை கொடுத்துத் திரும்ப வாங்கவும் அந்தப் பணம் போயிற்று.

குடும்பத்தில் ஒருவர் இப்படிச் செய்தால் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள். கம்பெனிக் கணக்கு வேறு. அது ஏன் என்று அறிய, பணத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு விலை, ஒரு மூட்டை

கம்பெனிக்கு மூலதனம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று கடன். அதன் விலை வட்டி, பத்திரத்திலேயே எழுதியிருக்கும். மற்றது பங்கு மூலதனம். அதற்கு வட்டி கிடையாது, டிவிடெண்ட் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆகவே அது இனாம் பணம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. லாபம் வந்தால்தான் பங்குதாரருக்குப் பங்கு. கம்பெனி கவிழ்ந்தால் கடன்காரருக்கெல்லாம் கொடுத்த பிறகு மிஞ்சுவதே அவருக்கு. இத்தனை அபாயத்தை ஏற்பவர் கடன் கொடுத்தவரைவிட அதிக வருமானத்தை எதிர்பார்க்காமல் இருப்பாரா? அந்த எதிர்பார்ப்புதான் பங்கு மூலதனத்தின் விலை. எங்கும் எழுதப்படாத விலை. ஆனாலும் நிஜமான விலை.

இரண்டு விலையில் வாங்கிய அரிசியைக் கலந்தால், எது எத்தனை படி என்று பார்த்துத்தான் கலவையின் விலையைச் சொல்ல முடியும். மூலதனமும் அப்படியே. கடனின் விலையையும் பங்கின் விலையையும் அவற்றின் அளவுக்குத் தக்கபடி சேர்த்தால் வருவது 'சராசரி மூலதனச் செலவு'. புதிய திட்டம் ஒன்று குறைந்தபட்சம் இதையாவது சம்பாதிக்க வேண்டும். அளவைப் பார்க்கும்போது பழைய கணக்குப் புத்தகத்தில் உள்ள முகமதிப்பைப் பார்க்கலாகாது. இன்றைய சந்தை மதிப்பையே பார்க்க வேண்டும்.

மலிவான கடனின் மறைவான விலை

ஓர் உதாரணம். ஒரு கம்பெனியின் மூலதனம் 100 ரூபாய், எல்லாம் பங்கு. சராசரியாக வருஷத்துக்கு 10 ரூபாய் லாபம். பங்குதாரர் எதிர்பார்ப்பதும் 10 சதவிகிதமே. இப்போது 5 சதவிகித வட்டிக்கு 50 ரூபாய் கடன் வாங்கிப் பாதிப் பங்குகளைத் திரும்ப வாங்கிவிடுகிறது. பாதி 5, பாதி 10, சராசரி ஏழரை! மூலதனம் மலிந்துவிட்டது என்று மானேஜர் சந்தோஷப்படலாம்.

ஆனால் மீதியுள்ள பங்குதாரரின் நிலை என்ன? 10 ரூபாய் லாபத்தில் இரண்டரை ரூபாய் வட்டிக்குப் போனால், 50 ரூபாய்க்கு ஏழரை ரூபாய், அதாவது 15 சதவிகிதம். பிரமாதம்தான். லாபம் 2 ரூபாயாகக் குறைந்த வருஷத்திலோ, வட்டி கட்டவே அரை ரூபாய் போதாது. கடன் இல்லாதிருந்தால் அந்த மோசமான வருஷத்திலும் அவருக்கு 2 சதவிகிதம் கிடைத்திருக்கும். ஏற்றமும் இறக்கமும் இப்படிப் பெரிதானதால் அவர் இனி 10 சதவிகிதத்துக்கு இசையமாட்டார், 15 கேட்பார். பாதி 5, பாதி 15. சராசரி மறுபடியும் பத்தே!

இதை 1958-ல் எடுத்துச் சொன்னவர்கள் பிட்ஸ்பர்க் நகரிலிருந்த கார்னகி தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர்கள் பிராங்கோ மோடிக்லியானியும் மெர்ட்டன் மில்லரும். பாலிலிருந்து ஆடையைப் பிரித்து விற்றால் ஆடைக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் ஆடை எடுத்த பாலுக்கு விலை குறையுமே என்ற உவமையை அவர்களே அந்தக் கட்டுரையில் சொன்னார்கள். வரியும் திவால் செலவும் இல்லாத உலகத்தில், மூலதனத்தை எப்படிப் பிரித்தாலும் கம்பெனியின் மதிப்பு மாறாது என்பது அவர்கள் முடிவு. பின்னாளில் மோடிக்லியானிக்கு 1985-லும் மில்லருக்கு 1990-லும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இதிலிருந்து நடைமுறையில் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. "பாங்கிக் கடன் 5 சதவிகிதம், புதுத் திட்டத்தில் 7 கிடைக்கும், ஆகவே லாபம்" என்று வாதிக்கும் மானேஜர் தப்புக் கணக்குப் போடுகிறார். அந்தக் கடன் கிடைத்ததே பங்குதாரரின் பணம் முன்னால் நின்று அடி வாங்கத் தயாராக இருப்பதால்தான். அதன் விலையையும் சேர்த்தால், திட்டத்தின் அபாயம் பழைய தொழிலைப் போன்றதாக இருக்கும்வரை, 7 நஷ்டமே.

சர்க்கார் கொடுக்கும் பங்கு

அப்படியானால் கம்பெனிகள் ஏன் கடனையும் பங்கையும் கலக்கின்றன? முக்கிய காரணம் வரி. வட்டியைச் செலவாகக் கழித்துக்கொண்ட பிறகே லாபத்துக்கு வரி. டிவிடெண்டுக்கு அந்தச் சலுகை இல்லை. மேற்படி கம்பெனிக்கு 25 சதவிகித வரி என்று கொள்வோம். கடனே இல்லாவிட்டால் 10 ரூபாயில் இரண்டரை ரூபாய் வரி. கடன் இருந்தால் ஏழரை ரூபாய்க்கு மட்டும் வரி. சுமார் 1 ரூபாய் 88 காசு. மிஞ்சிய 62 காசு கடன்காரரும் பங்குதாரரும் அடங்கிய கூட்டத்துக்குச் சேர்கிறது. மில்லரும் மோடிக்லியானியும் 1963-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில் வரியின் இந்த விளைவைத் திருத்திக் கணக்கிட்டார்கள்.

ஆப்பிளின் விஷயமும் வரிதான், அதுவும் இரட்டை வரிச் சிக்கனம். அதன் ரொக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாடுகளில் இருந்தது. அன்றைய சட்டப்படி அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் 35 சதவிகிதம் வரை வரி கட்ட நேரிடும். பத்து வருஷப் பத்திரத்துக்கோ வட்டி 2.40 சதவிகிதமே, வரிச் சலுகையைக் கழித்தால் சுமார் ஒன்றரை. கடன் வாங்குவது சொந்தப் பணத்தை எடுப்பதைவிட மலிவாயிற்று! 2017-ல் அமெரிக்கா தன் வரிச் சட்டத்தை மாற்றிக் கம்பெனி வரியை 21 சதவிகிதமாக்கியபோது இந்தக் கணக்கும் மாறியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பெனியின் பங்குகள் அப்போது சுமார் 40,000 கோடி டாலர் பெறும். அதன் முன் அந்தக் கடன் நூற்றுக்கு நான்கே. அபாயம் சொற்பம்.

எங்கே நிறுத்துவது?

வரி மிச்சமாகிறது என்று கடனை ஏற்றிக்கொண்டே போனால்? கனடாவைச் சேர்ந்த ராபர்ட் காம்போ, 1988-ல் அமெரிக்காவின் பெடரேட்டட் பேரங்காடி ஸ்தாபனத்தைச் சுமார் 660 கோடி டாலருக்கு வாங்கினார், பெரும்பகுதி கடன். கடைகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை, வியாபாரமும் நடந்தது. ஆனால் வருகிற லாபம் வட்டிக்கு எட்டவில்லை. இந்தச் சங்கதி வெளியே கசிந்ததும் சரக்குக் கொடுப்போர் கடனுக்குச் சரக்கு அனுப்பத் தயங்கினார்கள். பண்டிகைக் காலத்தில் சரக்கு வராத கடையின் கதி என்ன? 1990 ஜனவரியில் அந்த ஸ்தாபனம் திவால் கோர்ட்டின் பாதுகாப்பை நாடியது. வெளியே வர 1992 ஆயிற்று. வக்கீல் செலவு, போன வியாபாரம், விலகிய உத்தியோகஸ்தர் — இவைதான் முந்தைய உதாரணத்தில் இல்லாத செலவுகள். இவற்றின் பயம் வரிச் சிக்கனத்தை விழுங்கும் இடத்தில் சராசரி மூலதனச் செலவு மறுபடி ஏறத் தொடங்கும்.

அந்த இடத்தை முன்கூட்டியே துல்லியமாகக் காட்டும் சூத்திரம் கிடையாது. கடன் கொடுப்போர் பார்ப்பது ஓர் எளிய கணக்கு: வட்டிக்கும் வரிக்கும் முந்திய லாபம், வட்டியைப் போல் எத்தனை மடங்கு? உதாரணக் கம்பெனியில் 10 ரூபாய்க்கு இரண்டரை, அதாவது நான்கு மடங்கு. அதே கம்பெனி 80 ரூபாய் கடன் வாங்கினால் 5 சதவிகிதத்துக்கு யார் கொடுப்பார்? 9 கேட்டால் வட்டி 7 ரூபாய் 20 காசு; மடங்கு ஒன்றரைக்கும் கீழே. நிலையான வருமானமுள்ள மின்சாரக் கம்பெனி அதைத் தாங்கக்கூடும். சினிமாப் படம் எடுக்கும் கம்பெனிக்கு நான்கு மடங்கே போதாமல் போகலாம்.