பை திறந்ததும் மீன் ஏன் சாகிறது?

சென்னை கொளத்தூரில் மொத்த விலைக்கு 100 கப்பி வாங்கி, பால்கனித் தொட்டியில் வைத்து விற்பவருக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான் நஷ்டம். மீன் ஒன்று 10 ரூபாய் என்றால், 20 செத்தாலே மிச்சமுள்ளவற்றின் அடக்கவிலை பன்னிரண்டரை ரூபாய் ஆகிவிடும்.

மூடிய பைக்குள் மீன் மூச்சுவிட, கரியமில வாயு கரைந்து தண்ணீரில் அமிலத்தன்மை கூடுகிறது. கூடவே மீனின் கழிவான அம்மோனியாவும் சேர்கிறது. ஆனால் அமிலத் தண்ணீரில் அதன் பெரும்பகுதி அம்மோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும். 6.5 என்பது 7.5 ஆனால், நச்சு அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும். மீன் மேலே வந்து வாய் பிளக்கும், செவுள் சிவக்கும்.

திறந்த பையில் தொட்டித் தண்ணீரை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கலப்பது, நெடுந்தூரம் வந்த மீனுக்கு ஆபத்தே. மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன்செய்யுங்கள். பிறகு திறந்து, வலையால் மீனை மட்டும் உடனே எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருகவே நான்கைந்து வாரமாகும். பழைய தொட்டியின் பஞ்சு ஃபில்டரை இங்கே கொண்டுவந்து வைத்தால் காத்திருப்பு குறையும். மணிபிளான்ட்டின் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டால் அதுவும் கொஞ்சம் அம்மோனியாவை உறிஞ்சும், ஃபில்டர் அளவுக்கு இல்லை.